பேஸைவிட நியூட்ரலில் கரண்ட் கூடுமா?

வாசகர் கடிதம்

"கீழக்கரையில் எங்களுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது, 2003இல் வாப்பா கட்டியது. கீழே கடைகள். மேல் இரண்டு மாடியையும் கணக்கு வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். தொண்ணூறு கம்ப்யூட்டர், எல்லாம் அசெம்பிள் செய்தவை. போன வருஷம் டியூப் லைட்டை எல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. பேனல் போட்டார்கள். ஏ.சி.க்குத் தனி கேபிள். போன மாதம் மீட்டர் ரூமில் கருகல் வாடை வந்தது. திறந்து பார்த்தால் மூன்று பேஸும் நன்றாக இருக்கிறது, நியூட்ரல் மட்டும் பழுப்பேறிப் போயிருக்கிறது. எம்.சி.பி. ஒரு நாள்கூட ட்ரிப் ஆகவில்லை. எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்தார்: பேஸ் 29, 28, 27 ஆம்பியர், நியூட்ரல் 55. 'பேஸைவிட நியூட்ரல் கூட வராது, மீட்டர் கோளாறு' என்கிறார். லோடை பேலன்ஸ் பண்ணலாம், கெப்பாசிட்டர் வைக்கலாம், நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் போட்டால் நிம்மதி என்றும் சொல்கிறார். வாடகைக்காரர்கள் 'உங்கள் ஒயரிங் பழசு' என்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?"

மின் பொறியாளர் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்த நியூட்ரலில் ஃபியூஸ், எம்.சி.பி., சுவிட்ச் எதையும் தனியாகப் போட விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த ஒரு வரிதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் உங்களிடம் இரண்டு விவரம் கேட்டு வாங்கினேன். ஒன்று, மாடிக்குப் போகும் கேபிளின் அளவு. அது மூன்றரை கோர் அலுமினிய கேபிள். பேஸ் ஒவ்வொன்றும் 35 சதுர மில்லிமீட்டர், நியூட்ரல் மட்டும் 16. இரண்டாவது, அலை எந்த வடிவில் வந்தாலும் கரண்டைச் சரியாகக் காட்டும் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று அச்சிட்ட கிளாம்ப் மீட்டரை வைத்து, வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு எடுத்த அளவு. பேஸ் 41, 39, 37 ஆம்பியர். நியூட்ரல் 62. நியூட்ரலில் மீட்டரை வைத்து அதிர்வெண் பொத்தானை அழுத்தியபோது திரையில் வந்தது 150 Hz.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நியூட்ரலில் 150 காட்டுகிறது என்றால், அதில் ஓடுவது பெரும்பாலும் பேலன்ஸ் இல்லாத லோடின் மிச்சம் அல்ல, மூன்றாம் ஹார்மானிக், அதாவது 50இன் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஓடும் கரண்ட். உங்கள் எலக்ட்ரீஷியன் கண்ணால் பார்த்தது உண்மை. பேஸைவிட நியூட்ரலில் கரண்ட் கூடவே ஓடுகிறது. அவருடைய மீட்டரிலும் ஒரு குறை உண்டு, ஆனால் அது அவர் நினைத்ததற்கு நேர் எதிரானது. சாதாரண கிளாம்ப் மீட்டர், கரண்ட் அழகான அலையாக வருகிறது என்று நம்பி, சராசரியைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டும். கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்ட் அப்படி வருவதில்லை என்பதால் பேஸில் உள்ள 39 அதன் கண்ணுக்கு 28 ஆகத் தெரிந்தது. நியூட்ரலிலும் கொஞ்சம் குறைத்தே காட்டியது. நிலைமை அவர் பார்த்ததைவிட மோசம்.

கரண்ட் எப்படி நியூட்ரலில் சேருகிறது

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்., எல்.இ.டி. பேனலுக்குப் பின்னால் இருக்கும் டிரைவர் இரண்டும் ஒரே ஜாதி. உள்ளே வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கி ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி வைத்துக்கொள்ளும். அந்தக் கெப்பாசிட்டர், வோல்டேஜ் உச்சத்தைத் தொடும் கொஞ்ச நேரம் மட்டுமே கரண்ட் இழுக்கும். மற்ற நேரம் சும்மா இருக்கும். குழாயில் பத்து நிமிஷம் தண்ணீர் வரும்போது தெருவே குடத்தோடு ஓடிவந்து பிடித்துக்கொண்டு, மிச்ச நேரம் குழாயடி வெறிச்சோடிக் கிடக்குமே, அதைப் போல.

பழைய மாதிரி லோடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: குண்டு பல்பு, ஹீட்டர், மோட்டார். அவை அலை முழுக்கச் சீராகக் கரண்ட் எடுக்கும். மூன்று பேஸிலும் சமமாக இருந்தால், ஒரு பேஸ் வழியாக வரும் கரண்ட் அந்த நொடியில் மற்ற இரண்டின் வழியாகவே திரும்பிவிடும். நியூட்ரலுக்கு வேலையே இல்லை. அரை அளவு நியூட்ரல் போதும் என்று அந்தக் காலத்தில் கேபிள் போட்டது அந்த நம்பிக்கையில்தான். அன்றைக்கு அது தப்பும் இல்லை.

இப்போது மூன்று பேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஆர் பேஸ் உச்சத்தில் இருக்கும்போது அதில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கரண்டை இழுக்கின்றன. அந்த நேரத்தில் ஒய், பி இரண்டிலும் யாரும் எதையும் இழுப்பதில்லை. அப்படியானால் ஆர் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும்? நியூட்ரல் வழியாக மட்டும்தான். அது முடிந்ததும் அடுத்த பேஸின் முறை, அதற்குப் பின் மூன்றாவது. மூன்று தெருக்காரர்களும் ஊருணிக்குத் தனித்தனி வழியில் போய், ஒரே ஒற்றையடிப் பாதையில் திரும்பி வருகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு வழியும் பாதி நேரம் காலியாகக் கிடக்கும். அந்த ஒற்றையடிப் பாதைக்கு மட்டும் ஓய்வே இருக்காது. ஒவ்வொரு பேஸும் ஒரு சுற்றில் இருமுறை இழுப்பதால் நியூட்ரலில் ஆறு துடிப்பு விழும். மூன்று முழு அலை. 50 ஹெர்ட்ஸ் 150 ஆவது இப்படித்தான்.

லோடு முழுவதும் இந்த ஜாதியாகவே இருந்து, துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருந்தால், நியூட்ரல் கரண்ட் பேஸ் கரண்டைப் போல 1.73 மடங்கு வரை போகும். உங்களிடம் 62ஐ 39ஆல் வகுத்தால் 1.59. ஃபேன் மாதிரி சில நல்ல லோடுகளும் கலந்திருப்பதால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சூட்டின் கணக்கு

உங்கள் நியூட்ரல் அரை அளவு என்பதால் ஏற்பட்டதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. 35 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.87 ஓம். அதில் 39 ஆம்பியர் போனால் கேபிளின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1.3 வாட் சூடு. 16 சதுர மில்லிமீட்டருக்கு மின்தடை 1.91 ஓம். அதில் 62 ஆம்பியர் போனால் மீட்டருக்கு 7.3 வாட். மூன்று பேஸும் சேர்ந்து தரும் சூட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை அந்த ஒல்லியான ஒரு கோர் மட்டும் தருகிறது. அந்த அளவு கோர் தாங்குவது காற்றோட்டமான இடத்தில் சுமார் 50 ஆம்பியர். உங்களுடையது மற்ற கேபிள்களோடு ஒரு ஷாஃப்டுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கிறது.

எம்.சி.பி. ஒரு நாள்கூட ட்ரிப் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூன்று பேஸை மட்டும் பார்க்கிறது. 63 ஆம்பியர் எம்.சி.பி.யின் பார்வையில் 39 என்பது ஒன்றுமே இல்லை. நியூட்ரல் அதன் வழியாகப் போவதே இல்லை, நியூட்ரல்கள் எல்லாம் சேரும் பித்தளைக் கட்டையான லிங்க்குக்கு நேராகப் போய்விடுகிறது. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் ட்ரிப் ஆகாது. போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வந்துவிட்டதா என்பதை மட்டுமே அது பார்க்கும்; இங்கே ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ட்ரிப் ஆகவில்லை என்பதை வைத்து லோடு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தால் அது உங்கள் பக்கத்தில் நேர்ந்த பிசகு. உங்களைக் குறை சொல்ல மாட்டேன், இதை எல்லோருமே அப்படித்தான் நம்புகிறோம்.

இதோடு கடற்கரை வேறு. நீங்கள் அனுப்பிய படத்தில் நியூட்ரல் லக்கை, அதாவது கேபிள் நுனியில் நசுக்கி மாட்டும் உலோகக் காதை, பெரிதாக்கிப் பார்த்தேன். அலுமினிய லக்கைப் பித்தளை லிங்கில் நேராக வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் வெள்ளை மாவு பூத்திருக்கிறது, பித்தளைப் பக்கம் பச்சைக் களிம்பு. கச்சான் காற்றுக் காலத்தில் மீட்டர் ரூம் ஜன்னல் வழியாக உப்பும் ஈரமும் உள்ளே வந்து, இரண்டு உலோகத்துக்கு நடுவே தங்கி அரித்திருக்கிறது. அலுமினியம் சூட்டில் பித்தளையைவிட அதிகம் விரியும். பகலில் விரிந்து, ராத்திரி சுருங்கி, நாளாக ஆக போல்ட் தளர்ந்திருக்கும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டால் மறுபடி தளர்ச்சி. கருகல் வாடை கேபிளின் நடுவிலிருந்து வரவில்லை, இங்கிருந்துதான் வந்திருக்கிறது. கடலோரம் அல்லாத ஊரில் இதே கரண்ட் இருந்தால் இன்னும் சில வருஷம் சத்தமில்லாமல் ஓடியிருக்கலாம்.

ஃபியூஸ் ஏன் கூடாது

பேஸ் அறுந்தால் லைட் அணையும், அவ்வளவுதான். மூன்று பேஸ் இருக்கும் இடத்தில் நியூட்ரல் மட்டும் அறுந்தால் லைட் அணையாது. இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட், லோடுகளுக்குள் தொடராகப் பங்கு போடப்படும். ஒரு பேஸில் 6 கிலோவாட், இன்னொன்றில் 1 கிலோவாட் மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். லோடு குறைந்த பக்கத்துக்கு ஏழில் ஆறு பங்கு, அதாவது 340 வோல்டுக்கு மேல் போகும். 230 வோல்ட் சாதனம் அதில் எத்தனை நொடி தாங்கும்?

பல வருஷத்துக்கு முன் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் இதை நானே பார்த்தேன். இதே மாதிரி நியூட்ரல் லக் கருகி விட்டுப்போனது. ஒரு பக்க அறையில் லைட்டுகள் மங்கின. எதிர்ப்பக்க அறையில் அவை கண் கூசும்படி எரிந்தன. யாரோ மெயினை இறக்க ஓடுவதற்குள் மேசைக்கு அடியிலிருந்து பட்டாசு மாதிரி ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸாக வெடித்தது. அங்கே தானாக விட்டுப்போனதை, நியூட்ரல் ஃபியூஸ் உங்கள் கட்டடத்தில் செய்து கொடுக்கும். அதுவும் லோடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில். பேஸ்களோடு சேர்ந்தே திறக்கும் நான்கு போல் சுவிட்ச் தவிர வேறெதையும் நியூட்ரலில் வைக்கக் கூடாது என்பது மின் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது.

இன்னொரு யோசனையும் இந்த மாதிரி இடங்களில் காதில் விழும்: மாடிக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் பெட்டியான டி.பி.யில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டால் பாரம் குறையும் என்பது. அதையும் அனுமதிக்காதீர்கள். அந்த 62 ஆம்பியரில் ஒரு பங்கு எர்த் கம்பியிலும், கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியிலும், தண்ணீர்க் குழாயிலும் ஓடும்.

பேலன்ஸும் கெப்பாசிட்டரும்

பேலன்ஸ் செய்வதில் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. உங்கள் 41, 39, 37இல் உள்ள ஏற்றத்தாழ்வால் நியூட்ரலில் வருவது அதிகபட்சம் மூன்றரை ஆம்பியர். அதைச் சுத்தமாகத் துடைத்தாலும் 62 என்பது 61.9 ஆகும். மூன்றாம் ஹார்மானிக் மூன்று பேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவது. சமப்படுத்தினால் அழியாது, சேர்ந்துகொள்ளும்.

கெப்பாசிட்டர் வேண்டாம். மோட்டார் லோடுக்கு அது மருந்து. இங்கே அதிர்வெண் கூடக் கூட கெப்பாசிட்டரின் தடை குறைவதால் ஹார்மானிக்கை அது தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்து சில சமயம் பெருக்கியும் விடும். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை நிறைய கழற்றியிருக்கிறேன்.

என்ன செய்யலாம்

இந்த வாரமே செய்ய வேண்டியது லக்கும் பாரக் குறைப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் மெயினை இறக்கி, ஈ.பி.யிடம் சொல்லி அவர்கள் பக்கச் சப்ளையையும் நிறுத்தி, இரண்டு பக்கமும் சப்ளை இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, கருகிய நுனியை வெட்டிப் பளபளப்பான அலுமினியம் தெரியும் வரை பின்வாங்கச் சொல்லுங்கள். பழைய போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது போதாது. இரு உலோக லக் போட்டு, அலுமினியத்துக்கான கிரீஸ் தடவி, கிரிம்பிங் டூலால் நசுக்கி மாட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் இன்சுலேஷன் மடக்கினால் நொறுங்குகிறதா என்று பாருங்கள். நொறுங்கினால் அந்தக் கேபிளை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கூடவே ஒரு மாடியின் லைட்டுகளை ஏ.சி. கேபிளுக்குத் தற்காலிகமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள், அதன் நியூட்ரலையும் அளந்த பிறகு. நியூட்ரல் 62லிருந்து 45க்கு இறங்கினாலே சூடு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

நிரந்தரத் தீர்வு புதிய கேபிள். ஃபில்டர், ஜிக்ஜாக் டிரான்ஸ்ஃபார்மர் என்று விற்க வருவார்கள். அவை வேலை செய்யும், ஆனால் இரண்டு மாடிக் கட்டடத்தில் இருபது மீட்டர் கேபிள் மாற்றுவதைவிட மலிவாக இருக்காது, பராமரிப்பும் கூடும். சர்வதேச மின் தரவிதியான ஐ.இ.சி. 60364-5-52இன் கணக்கு எளிது: பேஸ் கரண்டில் மூன்றாம் ஹார்மானிக் 45 சதவீதத்தைத் தாண்டினால் கேபிளின் அளவைப் பேஸை வைத்து முடிவு செய்யாதே, நியூட்ரலை வைத்து முடிவு செய். உங்களுக்கு 62ஐ மூன்றால் வகுத்தால் ஒரு பேஸுக்கு ஏறத்தாழ 20.7 ஆம்பியர் மூன்றாம் ஹார்மானிக். 39இல் அது 53 சதவீதம். ஆகவே 62 ஆம்பியரைத் தாங்கும் கேபிள், நான்கு கோரும் ஒரே அளவில். 35 சதுர மில்லிமீட்டர் நான்கு கோர் தாங்கும். ஷாஃப்டின் நெருக்கத்தையும் இன்னும் இருபது கம்ப்யூட்டர் வரலாம் என்பதையும் வைத்து நான் 50 போடுவேன். "மூன்றரை கோர்தான் ஸ்டாக் இருக்கிறது" என்று கடையில் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

மாடிகளுக்குள்ளும் ஒன்று பார்க்க வேண்டும். 2003இல் போட்ட ஒயரிங்கில் மூன்று பேஸ் சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் ஒயரை இழுத்திருந்தால், இதே கதை சுவருக்குள் பைப்பில் நடந்துகொண்டிருக்கும். டி.பி.யைத் திறந்து, எத்தனை சர்க்யூட் உண்டோ அத்தனை நியூட்ரல் இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் இழுக்க வேண்டும்.

செலவு யாருடையது

நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருப்பது தெரிகிறது. ஒயரிங் பழசு என்று வாடகைக்காரர்கள் சொல்வது பாதி சரி. அரை நியூட்ரலும் அந்த லக்கும் உங்கள் கட்டடத்துடையவை. கட்டடத்தின் மெயின் கேபிள் என்பதால் அதை நீங்கள் மாற்றிவிடுவது நல்லது. தீப்பிடித்தால் முதலில் போவது உங்கள் வாப்பா கட்டிய கட்டடம்தான்.

ஆனால் ஹார்மானிக்கைக் கொண்டுவந்தது அவர்களுடைய சாமான்கள். இனி வாங்குவதை மாற்றிக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' உள்ளதாக இருக்கட்டும். அது கரண்டை அலை முழுக்கப் பரப்பி எடுக்கும். லைட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐ.இ.சி. 61000-3-2 தரவிதி 25 வாட்டுக்கு மேற்பட்ட விளக்குகளுக்குக் கண்டிப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவற்றில் மூன்றாம் ஹார்மானிக் 86 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறது. அதனால் 18 வாட் பேனல் தரச் சான்றோடு வந்தாலும் உங்கள் நியூட்ரலுக்கு மோசமானதாக இருக்க முடியும். பெட்டியில் வாட்டை மட்டும் பார்க்காமல், மொத்த ஹார்மானிக்கின் அளவான டி.எச்.டி. 15 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதியிருக்கும் டிரைவராகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேபிள் மாற்றிய பிறகு, மறுபடி ஒரு வேலை நாளில் பதினொரு மணிக்கு அதே ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரை வையுங்கள். நியூட்ரல் அப்போதும் 60 ஆம்பியருக்குப் பக்கத்தில்தான் காட்டும். பயந்துவிடாதீர்கள், கேபிள் கரண்டைக் குறைக்காது. குறைந்திருக்க வேண்டியது சூடு: 50 சதுர மில்லிமீட்டரில் அதே கரண்டுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை வாட். லக்கின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எடுத்து, பக்கத்தில் இருக்கும் பேஸ் லக்கோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். கச்சான் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அதே இடத்தில் அளந்து, எண் ஏறியிருந்தால் போல்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.